உதவி: மென்பொருளும் கைக்கணக்கும் ஒத்துப்போகின்றன, ஆனால் முடிவு நிற்காது என்கிறார்கள்

ஈசூன்_மாணவி: அனைவருக்கும் வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டுப் பணிக்காக, எங்கள் புளோக்கில் வசிக்கும் மூத்தோர் 6 பேரிடம் 4 வாரங்களுக்கு, வாரத்தின் சராசரி நடை எண்ணிக்கையையும் சராசரித் தூக்க நேரத்தையும் குறித்துக்கொண்டேன். மொத்தம் 24 இணைகள். ஒட்டுறவுக் கெழு 0.45. முழுமைத் தொகுதியில் ஒட்டுறவு சுழியம் என்ற எடுகோளைச் சோதிக்கக் கீழ்க்கண்டவாறு கணக்கிட்டேன்.

```
t = r*sqrt(n-2)/sqrt(1-r^2)
  = 0.45*sqrt(22)/sqrt(1-0.2025) = 2.36
```

கட்டின்மைப் பாகை 22-க்கு, இருபுறச் சோதனையில் 5% அளவில் எல்லை மதிப்பு 2.074 என்பதால் எடுகோளை நிராகரித்தேன். R மென்பொருளின் `cor.test` கட்டளையும் இதே மதிப்பைத் தருகிறது. இருப்பினும், நிபந்தனைகளைப் பார்க்காமல் எழுதிவிட்டாய் என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். எதைப் பார்க்கத் தவறினேன்?

கணக்குப்பிள்ளை: இரண்டு மாறிகளுக்கும் தனித்தனியே பட்டை வரைபடம் வரைந்து பாருங்கள். இரண்டும் மணி வடிவில் இருந்தால் உங்கள் சோதனை செல்லும், இல்லையேல் செல்லாது. ஆசிரியர் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

தெம்பனிஸ்_வாசி: நடந்தால் தூக்கம் வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, தங்கையே, நன்றாகத் தூங்கியவர்தான் மறுநாள் அதிகம் நடந்திருக்கலாம். என் அலுவலகத்தில் 400 பேரின் தரவில் ஒட்டுறவு வெறும் 0.12, t மட்டும் 2.41 வந்துவிட்டது. மேலாளர் அதைப் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்துக்கொண்டார்.

பழைய_ஆய்வகம்: மேலே சொன்ன இரண்டிலும் உண்மை உண்டு, கேள்வியின் முடிச்சு மட்டும் வேறிடத்தில் இருக்கிறது. மணி வடிவம் இரண்டு மாறிகளுக்கும் கட்டாயமன்று. நடை எண்ணிக்கை எப்படிப் பரவியிருந்தாலும், தூக்க நேரம் அதைச் சாராமல் ஒரே விரிவுடன் இயல்நிலையில் பரவியிருந்தால் t பரவல் சரியாகவே பொருந்தும். விரிவு மட்டும் நடைக்கேற்ப மாறினால், அதாவது சிதறல் படம் புனல்போல் விரிந்தால், உண்மையான ஒட்டுறவு சுழியமாக இருக்கும்போதும் சோதனை அடிக்கடி தவறாக நிராகரிக்கும். படம் வளைந்திருக்கிறதா, தனித்து விலகிய புள்ளி உண்டா என்பதையும் அதே படத்தில் பார்த்துவிடலாம்.

உங்கள் சிக்கல் 24 என்ற எண்ணில் இருக்கிறது. சூத்திரத்திலுள்ள n ஒன்றையொன்று சாராத இணைகளின் எண்ணிக்கை. ஒரே பாட்டியின் 4 வாரங்கள் நான்கு வெவ்வேறு மனிதர்கள் ஆகா. இயல்பாகவே அதிகம் நடப்பவர் நான்கு வாரமும் அதிகம் நடப்பார். சிதறல் படத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுங்கள். ஒரே நிறப் புள்ளிகள் ஒன்றாகக் கொத்துக் கொத்தாய்த் திரண்டிருந்தால் ஆசிரியர் சொன்னது புரிந்துவிடும். மென்பொருளுக்கு இது தெரியாது. கொடுத்த வரிசைகளை எண்ணிக்கொண்டு அது கணக்குப் போட்டுவிடும். எனவே ஆளுக்கு ஒரு சராசரி எடுத்துச் சோதியுங்கள்:

```
m <- aggregate(cbind(nadai, thookkam) ~ aal,
               data = d, FUN = mean)
cor.test(m$nadai, m$thookkam)
```

ஈசூன்_மாணவி: மிக்க நன்றி ஐயா. நிறம் கொடுத்ததும் ஆறு கொத்துகள் தெளிவாகத் தெரிந்தன. சராசரிகளின் ஒட்டுறவு 0.58 ஆக உயர்ந்திருக்கிறது, ஆனால் n = 6 என்பதால் t 1.42 மட்டுமே, பாகை 4-க்கான எல்லையோ 2.776. ஒட்டுறவு கூடியும் நிராகரிக்க முடியவில்லை என்பது வியப்பாக இருக்கிறது.

பழைய_ஆய்வகம்: ஆறு பேரை மட்டும் வைத்து நிராகரிக்க ஒட்டுறவு ஏறத்தாழ 0.81-ஐத் தாண்ட வேண்டும். ஆகவே 'தொடர்பு இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். இத்தனை சிறிய கூறில் சுழியத்தை விலக்க முடியவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை: என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் 18 அளவீடுகளை வீணடிப்பதுபோல் தோன்றுகிறதே? ஒவ்வொருவரின் மதிப்பிலிருந்தும் அவரவர் சராசரியைக் கழித்துவிட்டு 24-ஐயும் பயன்படுத்தினால் என்ன?

பழைய_ஆய்வகம்: பயன்படுத்தலாம், ஆனால் அப்போது கேள்வியே மாறிவிடும்: அதிகம் நடக்கும் ஆள் அதிகம் தூங்குகிறாரா என்பது போய், ஒருவர் தாம் வழக்கத்தைவிட அதிகம் நடந்த வாரத்தில் அதிகம் தூங்கினாரா என்பது வரும். ஆறு சராசரிகளைக் கழித்திருப்பதால் பாகையும் 22 ஆகாது, 24 − 6 − 1 = 17. `cor.test` இங்கும் 22 என்றே எடுத்துக்கொள்ளும். t-ஐக் கையால் கணக்கிட வேண்டும்.

ஈசூன்_மாணவி: அப்படிச் செய்ததில் r = 0.14, t = 0.58, எல்லை 2.110. ஆள்களுக்கிடையிலான வேறுபாடுதான் முன்பிருந்த 0.45-இன் பெரும்பகுதி என்று புரிகிறது. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: அடுத்தடுத்த வாரங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தால் இந்த 17-உம் மிகை அல்லவா?

பழைய_ஆய்வகம்: மிகையாக இருக்க வாய்ப்புண்டு. நான்கே வாரங்களை வைத்து அதை நம்பும்படி அளக்க இயலாது.