ஓடும் தொழிலைத் தவணையில் விற்பதற்கு ஆலோசனை தேவை

ஓய்வு பெறவிருப்பதால், நான் நடத்திவரும் பம்பு பழுதுபார்க்கும் பட்டறையை ஓட்டத்தில் இருக்கும்போதே விற்க ஓராண்டாக முயன்றும் விற்பனை கைகூடவில்லை.

ஏட்டில் தெரியும் ஆண்டு லாபம் 100 என்றால், நான் சம்பளம் எடுக்காததால் கணக்கில் ஏறாத மேலாளர் சம்பளம் 40 போக, உண்மையான லாபம் 60தான். அதை மூன்றால் பெருக்கி 180 கேட்டேன். தணிக்கையாளர், தரகர் மூலம் வாங்க வந்தவர்கள் பெருக்கலை மறுக்கவில்லை. வாடிக்கையாளர்கள் என் கைப்பேசிக்கே அழைப்பதைக் கண்டு, நான் விலகினால் அவர்களும் போய்விடுவார்கள் என்று அஞ்சிப் பின்வாங்கினர், அந்த அச்சம் நியாயமானதே. எனவே பராமரிப்பு வேலைகளை எழுத்து ஒப்பந்தங்களாக்கி, அழைப்புகளை மூத்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்தேன்.

இப்போது அவரே பாதித் தொகையை உடனே தந்து, மீதியை மூன்றாண்டு லாபத்திலிருந்து செலுத்துவதாகக் கூறுகிறார். வங்கிக் கடனுக்கு அவரிடம் ஈடு இல்லை.

மீதித் தொகைக்கு இயந்திரங்களை ஈடாக எழுதிக்கொள்வதா, முழுத்தொகையும் வரும்வரை உரிமையில் ஒரு பங்கை நானே வைத்திருப்பதா, எது பாதுகாப்பானது?