முகத்துக்குப் புள்ளி: கிளிநொச்சியும் ரொறன்ரோவும் ஒரே தீர்ப்புச் சொல்லுமா?

முறிகண்டியான்:
“எந்த முகம் வடிவு என்பதில் உலகம் முழுக்க ஒரே தீர்ப்புத்தான், ஆய்வு செய்து காட்டியாச்சு” என்கிறார் ஒரு நண்பர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு வேறு பண்பாட்டு ஆட்கள் ஒரே முகங்களுக்குப் புள்ளி போட்டால் உண்மையிலேயே ஒத்துப்போகிறதா?

பாண்டியன்குளத்தான்:
நண்பர் சொன்னது சரி. 2000ஆம் ஆண்டில் ஜூடித் லாங்லுவா குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். பண்பாடு கடந்த ஒப்புதல் 0.94. அதாவது நூற்றுக்கு 94 பேர் ஒரே முகத்தைத்தான் வடிவு என்கிறார்கள். இதுக்கு மேலே என்ன விவாதம்?

நெடுங்கேணி அக்கா:
94 பேரா? என் மகளின் படத்தை வைத்து ஒரே குடும்பத்துக்குள்ளேயே மூன்று தீர்ப்பு. கலியாணப் பேச்சுக்கு என்று ஸ்டூடியோவில் எடுத்த படம். அந்தப் பெடியன் கணினியில் முகத்தை வெளுப்பாக்கி, மூக்கையும் கொஞ்சம் ஒடுக்கிக் கையில் தந்துவிட்டான். சுவிஸ் மாப்பிள்ளையின் தாய்க்கு நல்ல பிடிப்பு. மாப்பிள்ளையோ வேறு படம் இருந்தால் அனுப்புங்கோ என்கிறார். என் மாமியார் இது எங்கட பிள்ளையே இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார். ஒரே ஊர் வேர், ஒரே மொழி. இவர்களே ஒத்துப்போகவில்லை.

கனகராயன்:
0.94 என்ற எண் சரி. ஆனால் அது நூற்றுக்கு 94 பேர் இல்லை. பூச்சியம் என்றால் ஒப்புதலே இல்லை, ஒன்று என்றால் முழு ஒப்புதல் என்ற அளவில் வரும் எண். அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்தால் அக்கா வீட்டுச் சண்டையும் புரியும்.

40 முகப்படங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். கிளிநொச்சியில் 30 பேர், ரொறன்ரோவில் வேறு 30 பேர். ஒவ்வொருவரும் எல்லாப் படத்துக்கும் 1 முதல் 7 வரை புள்ளி போடுகிறார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கிளிநொச்சிச் சராசரி ஒன்று, ரொறன்ரோச் சராசரி ஒன்று. ஒப்பிடப்படுவது இந்த இரண்டு சராசரி வரிசைகள்தான். ஆளுக்கு ஆள் ஒப்பிடுவதில்லை.

சராசரி எடுக்கும்போது தனிச் சுவை கழன்றுவிடுகிறது. ஒருவருக்குச் சப்பை மூக்குப் பிடிக்கும், இன்னொருவருக்குக் கூர் மூக்கு. 30 பேரைக் கூட்டினால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், எல்லோருக்கும் பொதுவானது மட்டும் மிஞ்சும். கணக்கும் எளிது. ஆளுக்கு ஆள் ஒப்புதல் r, ஒவ்வொரு கூட்டத்திலும் ஆட்கள் n என்றால், இரண்டு சராசரி வரிசைகளின் ஒப்புதல்:

```
n × r ÷ (1 + (n − 1) × r)
```

இரண்டு பேருக்கிடையே வெறும் 0.3 என்று போடுங்கள். பத்துப் பேர் சராசரி என்றால் 0.81 வரும். 30 பேர் என்றால் 9 ÷ 9.7, அதாவது 0.93. ஆளுக்கு ஆள் நிறைய முரண்பட்டுக்கொண்டே இரு கூட்டங்களும் அழகாக ஒத்துப்போகலாம். அதனால் இப்படி ஒரு எண்ணை யாராவது காட்டினால், எத்தனை பேரின் சராசரி என்று முதலில் கேளுங்கள். 2015இல் லோரா ஜெர்மைன் குழு தனி ஆட்களை வைத்துப் பார்த்தபோது, பொதுச் சுவையும் சொந்தச் சுவையும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி என்றுதான் வந்தது. இரட்டையரையும் சோதித்தார்கள்: அந்தச் சொந்தச் சுவை பெரும்பாலும் மரபணுவால் வருவதில்லை, ஆள் வளர்ந்த சூழலால் வருகிறது.

பாண்டியன்குளத்தான்:
பாதி பொது என்றாலே என் வாதம் நிற்கிறதே. கேள்வி பண்பாடு பற்றியது, மாமியார் மருமகள் பற்றியது இல்லை. எல்லாம் ஹொலிவூட் செய்த வேலை என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 1995இல் மைக்கேல் கன்னிங்ஹாம் தாய்வான் ஆட்களைக் கேட்டார். மேற்கத்திய டிவி கூடப் பார்த்தவர், குறையப் பார்த்தவர் என்று புள்ளியில் வித்தியாசம் வரவில்லை.

ஒட்டுசுட்டான் தம்பி:
எனக்கு இது நடந்திருக்கு. ரோட்டு வேலைக்கு வந்த சீனாக்காரரோடு வேலை செய்தேன். ஆரம்பத்தில் எல்லோரும் ஒரே முகம். இன்ஜினியரைச் சமையல்காரர் என்று நினைத்து சோறு எப்ப என்று கேட்டு ஏச்சு வாங்கினேன். சில மாதம் போக, தூரத்தில் நடந்து வந்தாலே ஆளைச் சொல்லிவிடுவேன். ஆகவே ஒத்துப்போகாது.

கனகராயன்:
தம்பி, நீங்கள் சொல்வது ஆளை அடையாளம் பிடிப்பது. இங்கே கேட்டது வடிவுக்குப் புள்ளி போடுவது. ஆனாலும் உங்கள் கதைக்குப் பக்கத்திலேயே ஒரு ஆய்வு இருக்கிறது.

தான்சானியாவில் ஏயாசி ஏரிப் பக்கம் ஹட்சா என்று வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் மக்கள் இருக்கிறார்கள். 2007இல் அப்பிசெல்லா, லிட்டில், மார்லோ மூவரும் அவர்களிடம் கலப்பு முகங்களைக் காட்டினார்கள். பல முகங்களைக் கணினியில் ஒன்றாக்கி எடுத்த படங்கள். எவ்வளவு கூடுதலான முகங்களைக் கலக்கிறோமோ அவ்வளவு “நடுத்தரமான” முகம் வரும். அப்படியான முகம்தான் வடிவு என்பது பழைய முடிவு. ஹட்சாக்கள் தங்கள் ஆட்களின் முகங்களில் அதையே தெரிவு செய்தார்கள். ஐரோப்பிய முகங்களில் அந்த விருப்பம் காணவில்லை. பிரித்தானியர்களோ இரண்டு இன முகங்களிலும் நடுத்தரத்தையே தெரிவு செய்தார்கள்.

எது நடுத்தரம் என்று தெரிய, அந்த மாதிரி முகங்கள் கண்ணில் நிறையப் பட்டிருக்க வேண்டும். பிரித்தானியர் பல இன முகங்களைப் பார்த்து வளர்கிறார்கள். ஹட்சாக்களுக்கு ஐரோப்பிய முகம் அரிது. ஆகவே அளவுகோல் ஒன்றாக இருந்தாலும், அதில் எதை வைத்து அளப்பது என்பது வாழ்ந்த இடத்தில் கிடைப்பது. தாய்வானில் அதிகம் டிவி பார்க்காதவரும் நகரத்து ஆள்தானே. ஏயாசிக் கரை அப்படி இல்லை.

முறிகண்டியான்:
அப்படியென்றால் ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு கூட்டம் ஒத்துப்போகக் கூடாதே?

கனகராயன்:
அங்கேதான் சிக்கல். 1993இல் ஜோன்ஸ், ஹில் இருவரும் ஐந்து மக்கள் கூட்டங்களிடம் கேட்டார்கள். அதில் பராகுவேயின் ஆச்சே, வெனிசுவேலாவின் ஹிவி இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத காட்டு மக்கள். ஆனால் அந்த இரண்டு காட்டு மக்களின் தெரிவும், அமெரிக்கர், ரஷ்யர், பிரேசில்காரரின் தெரிவை விடத் தங்களுக்குள் நெருங்கி நின்றது. முகச்சாயல் ஒத்தது காரணமா, வாழ்க்கை முறையா? அந்த ஆய்வை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

பாண்டியன்குளத்தான்:
பிறந்து ஒரு வாரமும் ஆகாத குழந்தைகளே, பெரியவர்கள் வடிவு என்ற முகத்தைக் கூட நேரம் பார்க்கின்றன. 1998இல் ஸ்லேட்டர் குழு காட்டியது. அந்தக் குழந்தை எந்த டிவி பார்த்தது?

கனகராயன்:
பலமான சான்றுதான். ஆனால் கண் நிலைப்பது வேறு, ஏழுக்கு எத்தனை என்று புள்ளி போடுவது வேறு. ஏதோ ஒரு சாய்வு பிறப்பிலேயே இருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஐரோப்பிய முகங்களில் ஹட்சாக்களுக்கு ஏன் அது வேலை செய்யவில்லை என்பதை இந்தக் குழந்தைகள் சொல்லவில்லையே.

நெடுங்கேணி அக்கா:
ஹட்சாவும் கைக்குழந்தையும் கிடக்கட்டும். ஒடுக்கின மூக்கா, பிள்ளையின்ர சொந்த மூக்கா அனுப்புறது?

ஒட்டுசுட்டான் தம்பி:
சொந்த மூக்கை அனுப்புங்கோ அக்கா. எயார்போட்டில ஆளை அடையாளம் தெரிய வேணும்.

முறிகண்டியான்:
இன்னொன்று. அந்த 40 படங்களைத் தெரிவு செய்கிறவர் யார்? அவர் கையிலும் விளையாட்டு இருக்குமே?

கனகராயன்:
நிறைய. இளசும் கிழடும், நோயாளியும் சுகமானவரும் கலந்து வைத்தால் ஒப்புதல் தானாக ஏறும். முகத்தில் சொறி உள்ளவருக்கு எந்த ஊரிலும் குறையப் புள்ளிதான். மேலே வந்த பத்தையும் கீழே வந்த பத்தையும் எடுத்துவிட்டு, நடுவில் இருக்கும் இருபது முகத்தை மட்டும் வைத்து மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள். எண் விழும்.

பாண்டியன்குளத்தான்:
விழும். பூச்சியத்துக்குப் போகாது.

கனகராயன்:
போகாது. 0.94இலும் நிற்காது.