புதுப்பிப்பு: 1,200 டாலர்ல காணாமப்போன 25 டாலர்

"கிளையன்ட் 1,200 டாலர் அனுப்பினாரு, 1,175-க்குதான் ரூபா வந்துச்சு, நாங்க எடுக்கலன்னு பேங்க்ல சொல்றாங்க. மீதி எங்க போச்சு?"

பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேங்க்குங்க தங்களுக்குள்ள அனுப்புற ஸ்விஃப்ட் மெசேஜோட காப்பி கேளுங்கன்னு சொன்ன அண்ணா சொன்னதுதான் சரி. கிளையன்ட் அனுப்பின MT103-ங்கிற அந்த மெசேஜ்ல 71A-வுக்கு நேரா SHA, அதாவது சார்ஜ ரெண்டு பக்கமும் பகிர்ந்துக்கணும்னு இருந்துச்சு, நம்ம பேங்க்ல ஃபாரெக்ஸ் கவுண்டர்ல கேட்டு வாங்கின காப்பில வழியில பிடிச்ச சார்ஜ காட்டுற 71F-ல USD25, அதாவது நடுவுல இருந்த பேங்க் வழியிலயே எடுத்துருக்கு, நம்ம பேங்க் மேல தப்பில்ல.

பணம் எதுக்கு வருதுன்னு சொல்ற பர்பஸ் கோட் தப்பா இருக்கும்னு ஒருத்தர் சொன்னீங்க, நான் குடுத்த P0802 சரியாத்தான் இருந்துச்சு, அது தப்பா இருந்தா பணம் நிக்கும், குறையாது. பேபால் கமிஷன் பத்தி சொன்ன தம்பி, என்னோடது நேரடி வயர்ப்பா.

இந்த மாசம் கிளையன்ட்கிட்ட பேசி OUR, அதாவது சார்ஜ் முழுக்க அனுப்புறவரோடதுன்னு போட வச்சேன், 1,200 முழுசா வந்துடுச்சு, எப்பவும் இப்படி வரும்னு கேரண்டி இல்லைன்னு கவுண்டர்லயே சொன்னாங்க. எதிர்பாக்காதது என்னன்னா வெளிநாட்டுப் பணம் வந்ததுக்கு பேங்க் குடுக்குற சான்றான ஃபிரால, பழைய பணத்துக்கு 1,175-தான் இருக்கு, இன்வாய்ஸ்ல 1,200. ஆடிட்டர் வருமானத்த 1,200-னே காட்டி 25-ஐ பேங்க் சார்ஜ்னு எழுத சொன்னாரு, அதுக்கு ஆதாரமா அந்த 71F காப்பிய பத்திரமா வச்சுருக்கேன். டாலர ரூபாயா மாத்துற ரேட்டுல மட்டும் இன்னும் பேங்க்கோட பேசிட்டுருக்கேன்.