தணிக்கை முடிந்ததும் குழுவுக்கு எழுதிய நன்றிக் கடிதம்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

டர்பன், கணக்குப் பிரிவு:
மசாலாப் பொருள்கள் மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் நிறுவனத்தின் கணக்காண்டு பிப்ரவரி 28 அன்று முடிகிறது. தணிக்கையாளர்கள் புறப்பட்ட அன்று மாலையே, வங்கி இருப்பு, சரக்கிருப்பு இரண்டின் தணிக்கையும் தீர்ந்தது, விடுப்பு ஒதுக்கீடு ஒன்றுதான் பாக்கி என்று எழுதி எல்லோருக்கும் நன்றி சொன்னேன். உண்மையில், நாங்கள் மூட்டைகளை எண்ணிய முறை சரி என்பதை மட்டுமே அவர்கள் ஏற்றிருந்தார்கள். ஏட்டில் உள்ளதைவிடக் கிடங்கில் 60 மூட்டைகள் கூடுதலாக இருந்ததற்குக் காரணம் அப்போது தெரியவில்லை. மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாமென்று அதை நான் எழுதவில்லை. கடிதத்தை நம்பிய கிடங்குத் தம்பி, டெலிவரி நோட் புத்தகங்களை வெளிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார். மறுவாரம் தணிக்கையாளர், ஆண்டின் கடைசி ஐந்து டெலிவரி நோட்டுகளையும் புதிய ஆண்டின் முதல் ஐந்தையும் கேட்டபோது, தம்பி ஒன்றும் பேசாமல் தம் கைபேசியில் என் கடிதத்தைத் திறந்து நீட்டினார். அந்த முகம் இன்னும் கண்முன் நிற்கிறது. புத்தகங்கள் திரும்பி வந்த பிறகுதான், பிப்ரவரி 27 தேதியிட்ட இன்வாய்ஸுக்கான 60 மூட்டைகள் மார்ச் 3 அன்றுதான் வெளியேறின என்பது தெரிந்தது. 1,80,000 ராண்ட் விற்பனை அடுத்த ஆண்டுக்குப் போயிற்று.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
நன்றிக் கடிதத்தில் நிலுவைகளை எழுதவே கூடாது. நன்றியை முதல் நாளும் நிலுவைப் பட்டியலைத் தனியாக மறுநாளும் அனுப்புங்கள். பட்டியல் மேலாளர்களுக்கு மட்டும் போகட்டும், ஊழியர்கள் வீணாகக் கலங்க வேண்டாம். அந்த விற்பனைக்குரிய 15 சதவீத வாட், அதாவது 27,000 ராண்ட், அதையும் மார்ச்சுக்கு மாற்ற மறவாதீர்கள்.

சாட்ஸ்வர்த், முன்னாள் தணிக்கையாளர்:
மேலே எழுதியவரோடு நான் உடன்படவில்லை. புத்தகங்களை அனுப்பியவர் மேலாளர் அல்லர். பட்டியல் அவரிடம்தான் முதலில் போயிருக்க வேண்டும். வாட்டையும் மாற்றக் கூடாது. இன்வாய்ஸ் தேதி, பணம் வந்த தேதி ஆகிய இரண்டில் எது முந்தியதோ அதுவே இங்கு வாட்டுக்குரிய காலம் என்பதால், விற்பனை மார்ச்சுக்குப் போனாலும் வாட் பிப்ரவரியிலேயே நிற்கும். அறிக்கையில் கையெழுத்தாகும் வரை எதையும் "தீர்ந்தது" என்று எழுதாதீர்கள், "எண்ணிக்கை பார்க்கப்பட்டது, இதுவரை கேள்வி இல்லை, 60 மூட்டை வேறுபாடு நிற்கிறது, டெலிவரி நோட்டுகளை யாரும் நகர்த்த வேண்டாம்" என்று எழுதியிருந்தால் போதும்.

ஃபீனிக்ஸ்:
எங்கள் ஊறுகாய் ஆலையிலும் இதே கதைதான், ஆனால் அது உணவுப் பாதுகாப்புத் தணிக்கை. குளிர்அறை வெப்பமானியைச் சரிசெய்தோம் என்று நன்றியோடு அறிவித்தேன். சரிசெய்ததற்கான சான்றை அனுப்பாததால், அந்தக் குறை அடுத்த தணிக்கையிலும் திறந்தே இருந்தது.

டர்பன், கணக்குப் பிரிவு:
வாட்டை மாற்றவில்லை, நன்றி அண்ணா. திருத்தக் கடிதம் எழுதி, தவறு என்னுடையது என்று எல்லோர் முன்னும் சொன்னேன். ஒவ்வொரு நிலுவைக்கும் பக்கத்தில் பொறுப்பாளர் பெயரைப் போடுவதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. பெயர் இல்லையென்றால் வேலை நகர்வதில்லை; நன்றி சொல்லும் கடிதத்தில் பெயரைப் போட்டால், அந்தத் தம்பிக்கு அது குற்றப்பட்டியலாகத்தானே தெரியும்?