கலைச்சொல்: பறவையின் காந்தத் திசைகாட்டிக்கு என்ன பெயர்?

மீனாட்சி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். வலசைப் பறவைகள் திசை அறிவதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். சூரியத் திசைகாட்டி, விண்மீன் திசைகாட்டி என்ற இரண்டும் சுலபமாக அமைந்துவிட்டன. காந்தப்புலத்துக்கு வந்ததும் தடைபட்டு நிற்கிறேன். ‘காந்தத் திசைகாட்டி’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் வருவது வடக்கு நோக்கி நிற்கும் ஊசிதான். பறவை திசை அறியும் விதமோ வேறு. வொல்ஃப்காங் வில்ச்கோவும் ரோஸ்விதா வில்ச்கோவும் ஃபிராங்ஃபர்ட்டில் ராபின் பறவைகளை வைத்துச் செய்து 1972இல் வெளியிட்ட சோதனை அதைத்தான் காட்டியது. அந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும். உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

சுந்தரம் எழுதியது:

அம்மா, ‘காந்த ஊசி’ என்றே வைத்தால் என்ன? புறாவின் அலகில் இரும்புத் துகள் கொண்ட செல்கள் இருக்கின்றன, அவைதாம் ஊசிபோல வேலை செய்கின்றன என்று படித்திருக்கிறேன். ‘அலகு ஊசி’ என்றால் குழந்தைகளுக்கும் புரியும்.

இளங்கோவன் எழுதியது:

சுந்தரம் ஐயா, அலகில் இரும்பு இருப்பது உண்மைதான். ஆனால் 2012இல் புறா அலகுகளை நுண்ணிய சீவல்களாக வெட்டிப் பார்த்தபோது, அந்த இரும்பு நிறைந்த செல்கள் நரம்புச் செல்கள் அல்ல, நோய் எதிர்ப்புக்கு உரிய விழுங்கு செல்கள் என்று தெரிந்தது. எனவே அலகை வைத்துப் பெயர் சூட்டினால் நாளை மாற்ற வேண்டிவரும். ராபினுக்கு இந்த உணர்வு கண்ணோடும் ஒளியோடும் சேர்ந்தது. நீல, பச்சை ஒளியில் திசை சரியாக இருக்கிறது. சிவப்பு ஒளியில் தடுமாறிவிடுகிறது. விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதம்தான் காரணம் என்ற கருத்து வலுவாக இருக்கிறது. இன்னும் முழுதாக உறுதியாகவில்லை.

இப்போது மீனாட்சி சொன்ன சோதனைக்கு வருகிறேன், சொல் அங்கேதான் இருக்கிறது. ஃபிராங்ஃபர்ட்டில் பூமியின் காந்தப்புலக் கோடு வடக்கு நோக்கிச் சென்று, சுமார் 66 பாகை கீழ்நோக்கிச் சரிந்து தரைக்குள் இறங்குகிறது. கூண்டைச் சுற்றிக் கம்பிச் சுருள் வைத்து மின்சாரம் செலுத்தினால் அந்தக் கோட்டை நம் விருப்பப்படி திருப்பலாம். வசந்த காலத்தில் வடக்கே போகத் துடிக்கும் ராபினை உள்ளே விடுங்கள்.

முதலில் கோட்டின் மேல்-கீழ்ப் பகுதியை மட்டும் தலைகீழாக்குங்கள். புலம் இன்னும் வடக்கே பார்க்கிறது, ஆனால் மேல்நோக்கி எழுகிறது. நம் ஊசி வடக்கையே காட்டும். பறவை தெற்கே திரும்புகிறது. அப்புறம் இரண்டு பகுதிகளையும் சேர்த்தே தலைகீழாக்குங்கள். இப்போது ஊசி தெற்கைக் காட்டும். பறவை அசையவில்லை, வடக்கே போகத்தான் பார்க்கிறது.

ஏன் என்றால், பறவை அந்தக் கோட்டின் அம்புக்குறியைப் பார்க்கவில்லை. அது அறிவது கோடு எந்தப் பக்கம் தரையை நோக்கித் தாழ்ந்திருக்கிறது என்பதை மட்டுமே. தாழ்ந்த பக்கம் துருவத்தின் பக்கம், உயர்ந்த பக்கம் நிலநடுக்கோட்டின் பக்கம். வடக்கு, தெற்கு என்ற சொற்களே அந்த உணர்வில் இல்லை.

நம் இயற்பியல் பாடநூல்களில் இதற்குக் ‘காந்தச் சரிவு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. எனவே ‘சரிவுத் திசைகாட்டி’ என்று முன்மொழிகிறேன்.

பரமேஸ்வரி எழுதியது:

இங்கே ஒரு ஐயம். பாடநூலில் ‘காந்த ஒதுக்கம்’ என்றும் ஒன்று உண்டு அல்லவா? உண்மை வடக்குக்கும் ஊசி காட்டும் வடக்குக்கும் உள்ள வேறுபாடு. பறவை வழி தவறாமல் போக அதைத்தானே கணக்கிட வேண்டும்? ‘ஒதுக்கத் திசைகாட்டி’ அல்லவா பொருத்தம்?

இளங்கோவன் எழுதியது:

பரமேஸ்வரி, ஒதுக்கம் வேறு பிரச்சினை. அது காந்த வடக்கையும் உண்மை வடக்கையும் ஒப்பிட்டால்தான் தெரியும். அதற்கு விண்மீன்களோ சூரியனோ வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டதில் பொருள் உண்டு. பறவைகள் காந்த உணர்வை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கின்றன. 2004இல் வெளியான ஒரு ஆய்வில், வட அமெரிக்காவின் சிறு பாடும் பறவைகளை அந்தி நேரத்தில் கிழக்கே திருப்பிய காந்தப்புலத்தில் வைத்திருந்து, இருட்டியதும் விடுவித்து வானொலிக் கருவியால் பின்தொடர்ந்தார்கள். அந்த இரவு அவை மேற்கே விலகிப் பறந்தன. அடுத்த அந்தியைக் கண்ட பிறகு திருத்திக்கொண்டன.

ஜோசப் எழுதியது:

நான் புறா வளர்ப்பவன், தலைப்புக்கு வெளியே பேசினால் மன்னிக்கவும். என் புறாக்கள் மேகம் மூடிய நாளிலும் வீடு வந்துவிடும், வெயில் நாளிலும் வந்துவிடும். அப்படியானால் சூரியன் எதற்கு, காந்தம் எதற்கு என்பதுதான் என் கேள்வி. பெயர் எதுவானாலும் சரி.

மீனாட்சி எழுதியது:

ஜோசப் அண்ணா, இது தலைப்புக்கு உள்ளேதான். ஒன்று இல்லாதபோது இன்னொன்று கை கொடுக்கிறது என்பதற்கு உங்கள் புறாக்களே சாட்சி. ஆனால் சூரியன் இருக்கும் நாளில் அது முந்திக்கொள்கிறது. புறாக்களை அடைத்துவைத்து, விளக்கை 6 மணி நேரம் தாமதமாக ஏற்றி அணைத்துச் சில நாள் பழக்கினால், அவற்றின் உடல் கடிகாரம் பின்தங்கிவிடும். உச்சி வேளையில் விட்டால் அதற்கு விடியல் என்று தோன்றும். அதனால் நிஜத்தில் தெற்கே நிற்கும் சூரியனைக் கிழக்கு என்று எண்ணி, தெற்கே போக வேண்டியது மேற்கே போகும். சூரியத் திசைகாட்டி என்றால் உள்ளே கடிகாரமும் சேர்ந்தது. இதைச் சொல்லில் ஏற்ற வழியில்லை, விளக்கத்தில்தான் சொல்ல வேண்டும்.

இளங்கோவன் ஐயாவின் ‘சரிவு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘திசைகாட்டி’யில்தான் தயக்கம். காட்டுவது கருவி, பறவைக்கு அது உணர்வு. ‘சரிவுத் திசையுணர்வு’ என்றால்?

சுந்தரம் எழுதியது:

அலகு ஊசியைக் கைவிடுகிறேன். ஆனால் ஒரு கேள்வி. நிலநடுக்கோட்டின் அருகே கோடு கிடையாகத்தானே கிடக்கும்? சரிவே இல்லாத இடத்தில் ‘சரிவுத் திசையுணர்வு’ என்ன செய்யும்?

இளங்கோவன் எழுதியது:

நல்ல கேள்வி, இதையும் சோதித்திருக்கிறார்கள். காந்த நடுக்கோட்டில் கோட்டுக்குத் தாழ்ந்த பக்கம் கிடையாது, எனவே இந்த உணர்வு அங்கே வழி சொல்லாது. அதைத் தாண்டினால் இன்னொரு சிக்கல். அதுவரை ‘நடுக்கோட்டுப் பக்கம் போ’ என்றிருந்த பறவை அதையே தொடர்ந்தால் வந்த வழியே திரும்பிவிடும். வில்ச்கோ இணையர் 1992இல் தோட்டக் கதிர்க்குருவிகளை வைத்துப் பார்த்தார்கள். சில காலம் கிடையான புலத்தில் இருந்த குருவிகள், அதன் பிறகு ‘துருவப் பக்கம் போ’ என்று மாறிவிட்டன. தெற்கு அரைக்கோளத்தில் அதற்குப் பொருள் தெற்கே போ என்பதே. கிடையான புலமே இந்த மாற்றத்தைத் தூண்டுகிறது. நடுக்கோட்டில் இருக்கும் நாட்களில் விண்மீன்கள் உதவலாம்.

‘திசையுணர்வு’ பற்றி: எனக்கு முழு உடன்பாடு இல்லை. சூரியனுக்குத் திசைகாட்டி, காந்தத்துக்குத் திசையுணர்வு என்றால் ஒரே வகையான மூன்று திறன்கள் வெவ்வேறு குடும்பமாகத் தெரியும். மாற்றினால் மூன்றையும் மாற்றுங்கள்.

பரமேஸ்வரி எழுதியது:

மூன்றையும் மாற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ‘விண்மீன் திசைகாட்டி’ என்றால் துருவ விண்மீனை ஒரு கைகாட்டிபோல நினைத்துவிடுவார்கள். ஸ்டீபன் எம்லன் 1970இல் வெளியிட்ட சோதனையில், கோளரங்க வானத்தைத் திருவாதிரை விண்மீனை மையமாக வைத்துச் சுழலவிட்டார். அதன் அடியில் வளர்ந்த இளம் இண்டிகோ பன்டிங் பறவைகள் அதையே வடக்கு என்று கற்றுக்கொண்டன. அவை பார்ப்பது வானம் எந்தப் புள்ளியைச் சுற்றுகிறது என்பதை.

மீனாட்சி எழுதியது:

கட்டுரையில் மூன்றுக்கும் ‘திசையுணர்வு’ என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘திசைகாட்டி’ என்ற பழைய வழக்கையும் சேர்த்துவிடுகிறேன். ‘சரிவு’ உறுதி. விண்மீனுக்குச் ‘சுழல்மையத் திசையுணர்வு’ என்பது நீளமாக இருக்கிறது. இதைவிடச் சிறிய சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.