பரங்கி, சுரை இரண்டிலும் பிஞ்சு வெம்பி உதிர்கிறது, பிரஷ் வைத்துத் தொட்டும் பிடிக்கவில்லை. உதவி வேண்டும்

ஆவடி மாடி
வணக்கம். எங்கள் வீட்டு மூன்றாவது மாடியில் பொங்கல் முடிந்ததும் விதைத்த பரங்கிக் கொடி ஒன்றும் சுரைக் கொடி இரண்டும் இருக்கின்றன. கொடி நன்றாகத்தான் ஓடுகிறது, இலை உள்ளங்கையைவிடப் பெரியது, பூவுக்கும் குறைவில்லை. ஆனால் காய் மட்டும் ஒன்றுகூட நிற்கவில்லை. இந்த மாதத்தில் மட்டும் பரங்கியில் 5 பிஞ்சும் சுரையில் 9 பிஞ்சும் போய்விட்டன. பூவுக்குப் பின்னால் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு தெரிகிறது, இரண்டு நாளில் பூ ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து மஞ்சளாகி, சுருங்கி, தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. தேனீ வராததால் இருக்கும் என்று நினைத்து, பத்து நாளாக நானே பெயிண்ட் பிரஷால் ஆண் பூவைத் தொட்டுப் பெண் பூவில் தடவிப் பார்த்தேன். அதுவும் பிடிக்கவில்லை. உரம் போதவில்லையா, விதையே சரியில்லையா? கொடியைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

பசுந்தாள்
பிடுங்காதீர்கள் அக்கா. கொடி முதலில் ஆண் பூவாகத்தான் விடும், அது பூத்து உதிர்வது இயல்பு, அதை நினைத்துக் கவலை வேண்டாம். பிஞ்சு உதிர்வது சத்துக் குறைவு. தேமோர் கரைசல் வாரம் ஒரு முறை அடியுங்கள், பூ உதிர்வது நின்றுவிடும். நான் கத்தரி, மிளகாய் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிக்கிறேன். சுரைக்கு நுனியைக் கிள்ளிக் கிள்ளி மூன்றாம் கட்டக் கிளை வரவைக்கும் 3ஜி கட்டிங்கும் செய்தால் பெண் பூ நிறைய வரும்.

கிணற்றடி
ஆண் பூ உதிர்வது பற்றிப் பசுந்தாள் சொன்னது சரி. ஆனால் இவர்களுக்குப் பெண் பூ வராதது பிரச்சினை இல்லையே, வந்த 14 பிஞ்சும் பிடிக்காமல் போனதுதான் பிரச்சினை. கத்தரி, மிளகாயில் ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் இருக்கும், காற்றில் செடி ஆடினாலே போதும். பரங்கியிலும் சுரையிலும் அப்படி நடக்காது. பரங்கி மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. எதுவாவது ஒன்று அதைச் சுமந்துகொண்டு போய்ப் பெண் பூவில் வைத்தாக வேண்டும். மகரந்தம் சேராத பிஞ்சுக்கு எந்தக் கரைசல் அடித்தாலும் அது வெம்பத்தான் செய்யும்.

பிடுங்குவதற்கு முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். பிரஷால் தொட்டது எத்தனை மணிக்கு? இரண்டு கொடிக்கும் ஒரே நேரத்திலா? பூச்சிக்கு ஏதாவது தெளிக்கிறீர்களா, தெளித்தால் எப்போது?

தென்னந்தோப்பு
எனக்கும் இதே பிரச்சினைதான். பீர்க்கங்காய் விரல் நீளம் வந்த பிறகு வளைந்து, மஞ்சளாகி, அழுகி விழுகிறது. நானும் கையால் மகரந்தம் சேர்த்தால் சரியாகிவிடுமா?

கிணற்றடி
தென்னந்தோப்பு, உங்களுடையது வேறு மாதிரித் தெரிகிறது. விரல் நீளம் வரை வளர்ந்தது என்றால் மகரந்தம் பெரும்பாலும் சேர்ந்துவிட்டது. சேராத பிஞ்சு, பூத்த அன்று இருந்த அளவைத் தாண்டுவதே அரிது. விழுந்த காயை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ. தோலில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளியும் அதில் பிசின் துளியும் இருக்கும். விழுந்ததைக் கொடியடியிலேயே விடாதீர்கள், புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடாகி மறுபடி ஈயாக வரும். பொறுக்கி ஒரு பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். கொடிவகைக்கான பழ ஈ பொறி ஒன்று தொங்கவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் காகித உறை மாட்டுவதும் உதவும்.

தென்னந்தோப்பு
வெட்டிப் பார்த்தேன், புழுதான். நன்றி சார்.

ஆவடி மாடி
கிணற்றடி சார், வீட்டு வேலை முடிந்து காலை எட்டரை, ஒன்பது மணிக்குத்தான் மாடிக்குப் போவேன். இரண்டுக்கும் அதே நேரம், அதே பிரஷ். பூ கொஞ்சம் கூம்பினாற்போல் இருக்கும், இதழை விரித்துத் தடவுவேன். தூள் ஒட்டட்டும் என்று பிரஷைத் தண்ணீரில் லேசாக நனைத்துக்கொள்வேன். வேப்பெண்ணெய்க் கரைசல் வாரம் இரண்டு முறை, காலையில் தண்ணீர் விட்ட கையோடு கொடி முழுக்கத் தெளித்துவிடுவேன்.

கிணற்றடி
அக்கா, விதையிலும் உரத்திலும் குறை இருப்பதாகத் தெரியவில்லை. நேரம்தான் தவறு.

பரங்கிப் பூ விடியும்போது விரியும். ஒரு காலைதான் அதற்கு. மாடி வெயிலில் எட்டரை மணிக்கே கூம்பத் தொடங்கிவிடும், கூம்பிய பூவை விரித்துத் தடவினாலும் பிடிப்பது அபூர்வம். ஆறிலிருந்து ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். சுரை இதற்கு நேர் எதிர். வெள்ளைப் பூ சாயங்காலம் விரியும், இருட்டும் நேரத்தில் வரும் அந்துப்பூச்சிதான் அதற்குத் தேனீ மாதிரி. நீங்கள் காலை ஒன்பது மணிக்குத் தொட்டது முந்தின நாள் மாலை பூத்து முடிந்த பூவை. சுரைக்கு மாலை ஆறு, ஆறரைக்குப் போங்கள். நான் இரவு எட்டு மணிக்கு செல்போன் வெளிச்சத்தில் செய்தும் பிடித்திருக்கிறது.

பிரஷ் வேண்டவே வேண்டாம். தூளில் பாதி முடிக்குள்ளேயே போய்விடும், நனைத்தால் அந்தத் தூளும் கெட்டுவிடும். அதோடு ஒரே பிரஷ் என்றால் சுரைத் தூளும் பரங்கியில் போயிருக்கும், அது ஒட்டினாலும் பயனில்லை. பரங்கிக்குப் பரங்கி, சுரைக்குச் சுரை. ஒரே கொடியின் ஆண் பூவை அதே கொடியின் பெண் பூவுக்கு வைக்கலாம், அதில் தவறில்லை.

அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறியுங்கள். இதழைச் சுற்றிலும் கிழித்துவிட்டால் நடுவில் மஞ்சள் தண்டு மட்டும் நிற்கும். விரலால் தொட்டுப் பாருங்கள், மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் வேறு பூ எடுங்கள். பெண் பூவின் நடுவில் புடைத்த குமிழ்கள் வட்டமாக இருக்கும். ஒன்று விடாமல் எல்லாவற்றின் மேலும் மெதுவாக உருட்டித் தேயுங்கள், அழுத்த வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வரும், சில சமயம் பாதியில் உதிர்ந்தும் போகும். முடிந்தால் ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ வைப்பேன். முடித்ததும் காம்பில் ஒரு நூல் கட்டித் தேதி குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எது பிடித்தது எது விட்டது என்றே தெரியாது.

வேப்பெண்ணெயை விரிந்த பூ மேல் படவிடாதீர்கள். வருகிற ஒன்றிரண்டு தேனீயும் அந்த வாடைக்கு விலகிவிடும். பரங்கிக்கு மாலையில், சுரைக்கு வெயில் ஏறுமுன் காலையில், அதுவும் இலையின் அடிப்பக்கம் மட்டும்.

முற்றத்துக் கோலம்
கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை, ஆனால் படிக்கும்போது அம்மா நினைவு வந்துவிட்டது. மார்கழியில் சாண உருண்டையில் வைக்கப் பரங்கிப் பூ பறிக்க என்னை அனுப்புவார். விடிவதற்குள் போக வேண்டும், நீளக் காம்பு இருக்கும் பூவைத்தான் பறிக்க வேண்டும். அடியில் உருண்டையாகப் பிஞ்சு இருப்பதைத் தொட்டால் முதுகில் ஒன்று விழும். பறித்து வரும் பூ எல்லாம் ஆண் பூ என்பது இப்போதுதான் புரிகிறது. அப்படித் தினமும் பறித்தும் எங்கள் கூரையில் காய்க்குக் குறை இருந்ததில்லை.

கிணற்றடி
அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆண் பூ எப்போதும் மிச்சம் இருக்கும், நாலைந்தை விட்டுவைத்தால் தேனீக்குப் போதும்.

ஆவடி மாடி
இன்று காலை 6.10க்கே போனேன். பரங்கிப் பூ இவ்வளவு பெரிதாக விரியும் என்று இப்போதுதான் பார்க்கிறேன், உள்ளே குட்டி எறும்புகள்கூட இருந்தன. ஆனால் பெண் பூ ஒன்று விரிந்திருந்தது, ஆண் பூ ஒன்றுகூட இல்லை! நேற்று மூன்று பூத்திருந்தது. என்ன செய்வது?

கிணற்றடி
ஒற்றைக் கொடி வைத்தால் இப்படி நடக்கும். அடுத்த முறை இரண்டு, மூன்று கொடி போடுங்கள். இப்போதைக்கு அக்கம்பக்கத்தில் யாரிடமாவது பரங்கிக் கொடி இருந்தால் ஒரு பூ வாங்கி வாருங்கள், ஏழரைக்குள் வந்தால் போதும். நாளை விரியப்போகும் மொக்கை முந்தின மாலையே கண்டுபிடிக்கலாம், பச்சை மாறி நுனி நல்ல மஞ்சளாகியிருக்கும். முந்தின நாள் ஆண் பூவை ஃப்ரிட்ஜில் வைத்து நான் மூன்று முறை முயன்றேன், ஒரு முறை பிடித்தது, இரண்டு முறை விட்டது. வேறு வழி இல்லாதபோது மட்டும் அதைச் செய்யுங்கள்.

பசுந்தாள்
பாகல், புடலைக்கு எந்த நேரம் சார்? நான் இத்தனை நாள் எல்லாவற்றையும் காலையில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிணற்றடி
பாகல் காலை. புடலை இருட்டிய பிறகு, பீர்க்கு மாலை.

ஆவடி மாடி
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். சுரையில் மாலை ஆறரைக்கு 4 பூவுக்கு வைத்தேன், 3 பிடித்துவிட்டது. நூல் கட்டிய நான்காம் நாளே வித்தியாசம் தெரிந்தது: பிஞ்சின் மேல் இருக்கும் மெல்லிய முடி பளபளவென்று இருந்தது, காம்பு தடித்து, கீழ்நோக்கித் தொங்க ஆரம்பித்தது. பூ வாடி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பிஞ்சு பச்சையாகவே இருந்தது. இப்போது பெரிய காய் முழங்கை நீளம். பிடிக்காமல் போன ஒன்றில் மட்டும் ஆண் பூ தொட்டபோது விரலில் பொடி சரியாக ஒட்டவில்லை, இருந்தும் வைத்தேன்.

பரங்கியில் பக்கத்துத் தெரு வீட்டிலிருந்து வாங்கி வந்த பூவை வைத்த பிஞ்சு நின்றுவிட்டது, இன்று தேங்காய் அளவு. அதற்குப் பிறகு வந்த இரண்டு பெண் பூவுக்கும் காலை ஆறேகாலுக்கே, நல்ல பொடி உள்ள ஆண் பூவால்தான் வைத்தேன். இரண்டுமே ஐந்தாம் நாள் மஞ்சளாகிவிட்டன. நேரமும் சரி, பூவும் சரி, பிறகு ஏன்?

கிணற்றடி
ஒரு காய் பெருத்துக்கொண்டிருக்கும்போது கொடி அடுத்த பிஞ்சுகளைத் தானாகவே கழித்துவிடுவது உண்டு. பையில் வளரும் பரங்கி ஒரு நேரத்தில் ஒரு காய், மிஞ்சினால் இரண்டுதான் தாங்கும். ஆனால் இப்போது வெயிலும் ஏறிவிட்டது, கடும் சூட்டில் மகரந்தம் வலுவிழப்பதும் நடக்கும். உங்கள் கொடியில் இரண்டில் எது காரணம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. பை எந்த அளவு, மதியம் இலை தொங்குகிறதா?

ஆவடி மாடி
18க்கு 18 பை. மதியம் தொங்கும், மாலையில் தண்ணீர் விட்டதும் நிமிர்ந்துவிடும்.

முற்றத்துக் கோலம்
என் மாடியிலும் பங்குனி வந்தால் இப்படித்தான் அக்கா. பச்சை வலை கட்டிய பிறகு இலை தொங்குவது குறைந்தது, காய் கூடியதா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை.

கிணற்றடி
அந்தத் தேங்காய் அளவுக் காய் முற்றிப் பறிக்கும் வரை அடுத்த பெண் பூ வந்தாலும் வைத்துக்கொண்டே இருங்கள், தேதியோடு நூல் கட்டுங்கள். பறித்த பிறகு வைப்பது பிடித்தால் சுமைதான் காரணம். அப்போதும் விழுந்தால் வெயில் பக்கம் பார்ப்போம். அதுவரை மூடாக்குக்கு நாலு விரல் கனம் காய்ந்த இலை போட்டு, காலையிலும் ஒரு முறை தண்ணீர் விடுங்கள்.

ஆவடி மாடி
சரி சார். நாளைக்கு ஒரு பெண் மொக்கு விரியும்போல் இருக்கிறது, நுனி மஞ்சளாகிவிட்டது. ஆண் மொக்கும் இரண்டு இருக்கிறது. இதற்குச் சிவப்பு நூல் கட்டுகிறேன், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.