துருப்பிடித்த பில்லர் கம்பிகள்: அப்படியே கான்கிரீட் போடலாமா?

வணக்கம். நாகப்பட்டினத்தில், கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு கட்டுகிறோம். பணமில்லாமல் வேலை ஏழு மாதம் நின்றது. மழைக்காலம் முழுக்க 12 எம்எம் பில்லர் கம்பிகள் மூடாமல் வெளியே நின்றன. இப்போது எல்லாம் செம்மண் நிறம்.

மேஸ்திரி, "லேசான துருதான், பிடிமானத்துக்கு நல்லதுதான் சார்" என்கிறார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒட்டியிருக்கும் மெல்லிய துரு கெடுதல் இல்லை, உதிரும் துருவும் செதிலும்தான் கூடாது என்றே IS 456-ஐப் படித்துப் புரிந்துகொண்டேன்.

அதே கட்டிலிருந்து தரையில் கிடந்த கம்பியில் சரியாக ஒரு மீட்டர் வெட்டி, கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து எடை போட்டேன். 860 கிராம். இருக்க வேண்டியது 888. குறைவு சுமார் 3 சதவீதம். புதுக் கம்பிக்கே IS 1786 இந்த அளவில் 5 சதவீதம் வரை அனுமதிக்கிறது, அதாவது 844 கிராம். அதனால் பெரும்பாலான கம்பிகளைப் பற்றி எனக்குப் பயமில்லை.

கவலை வேறு. நான்கு கம்பிகளில், பழைய கான்கிரீட்டிலிருந்து வெளியே வரும் இடத்தில், தேய்த்த பிறகும் சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றன. விரல் நகம் மாட்டுகிறது. உப்புக் காற்றில் வந்த குழி ஒரே இடத்தில் ஆழமாகப் போகும், மொத்த எடையில் அது தெரியாது. வெட்டி எடை போடவும் வழியில்லை.

இப்படிக் குழி விழுந்த கம்பியின் ஆழத்தைச் சைட்டில் எப்படி அளப்பீர்கள்? கான்கிரீட்டைக் கொஞ்சம் கொத்தி நல்ல பகுதி வரை போய், பக்கத்தில் புதுக் கம்பி சேர்ப்பதா, துளையிட்டுக் கெமிக்கல் வைத்து நடுவதா? கடலோரத்தில் வேலை செய்த இன்ஜினியர்கள் சொல்லுங்கள். வியாழக்கிழமை கான்கிரீட். தேவைப்பட்டால் தள்ளிவைக்கிறேன்.